கீழே கிடந்த பர்ஸ்: மூன்று ஒழுக்க நெறிகளை ஒரே வகுப்பில் ஒப்பிட்ட கதை

"மிஸ், அப்போ இஸ்லாத்தில் கொலை செய்யக் கூடாது என்று ஒரு விதியும் இல்லையா?"

இதைக் கேட்டவன் ஒரு முஸ்லிம் பையன். கிண்டலாகக் கேட்கவில்லை. நான் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டான். தாளில் தப்பு இருந்தது, அவனிடம் இல்லை. அந்தத் தாளில் என்ன தப்பு, அதை எப்படி மாற்றினேன், மாற்றிய பிறகும் எங்கே சறுக்கியது என்பதுதான் இந்த ஆய்வு.

லண்டன் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் சமயக் கல்வி கற்பிக்கிறேன். இது எட்டாம் ஆண்டு வகுப்பு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் சமயக் கல்வி கற்பித்தே ஆக வேண்டும். விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். எங்கள் பள்ளி எந்தச் சமயத்தையும் சேர்ந்ததல்ல. ஆகவே மதத்தை நம்பக் கற்பிப்பதில்லை, மதங்களைப் பற்றிக் கற்பிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அவரவர் சமயத்தை மட்டும் ஒரு பாடமாகப் படித்து வளர்ந்த எனக்கு இது பழகவே ஒரு வருடம் பிடித்தது.

பழைய தாள்

எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் விட்டுப்போன தாள் அது. மூன்று பத்திகள். இடது பக்கம் பைபிளின் பத்துக் கட்டளைகள், நடுவில் பௌத்தத்தின் ஐந்து சீலங்கள், வலது பக்கம் இஸ்லாத்தின் ஐந்து தூண்கள். ஒத்துப்போகிறவற்றை ஒரே நிறத்தால் தீட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு நிறம் தீட்டப் பிடிக்கும், வகுப்பும் அமைதியாக இருக்கும். அதனால்தான் இந்தத் தாள் இத்தனை வருடம் உயிரோடு இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு பத்திகளில் கொலை, களவு, பொய், தகாத உறவு என்று நான்கு எளிதாகப் பொருந்திவிடும். மூன்றாவது பத்தியில் இருப்பவை நம்பிக்கை மொழிதல், தொழுகை, ஸகாத் என்னும் கட்டாயக் கொடை, நோன்பு, ஹஜ். இவை ஒரு முஸ்லிமின் வழிபாட்டு வாழ்க்கையின் அடிப்படைகள். அடுத்தவனை எப்படி நடத்த வேண்டும் என்பதன் பட்டியல் அல்ல. ஐந்து, பத்து என்று எண் போட்ட பட்டியல் வேண்டும் என்பதற்காக யாரோ கைக்கு எட்டியதை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை "திருடாதே"யையும் ஸகாத்தையும் ஒரே பச்சையில் தீட்டியிருந்தாள். காரணம் கேட்டேன். "இரண்டும் காசு பற்றியது" என்றாள். வேறு என்னதான் செய்வாள்?

பௌத்தத்திலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. பத்துக்குப் பத்து வைக்கலாமே என்று தேடினால் "தசசீலம்" கிடைக்கும். ஆனால் அது புதிதாகத் துறவு பூண்டவருக்கானது. மதியத்துக்குப் பிறகு சாப்பிடாமல் இருத்தல், ஆடல் பாடல் பார்க்காமல் இருத்தல், பொன் வெள்ளி வாங்காமல் இருத்தல் எல்லாம் அதில் வரும். சாதாரண இல்லறத்தாருக்கு உரியது ஐந்துதான். எண் பொருந்துகிறதே என்று சேர்த்தால் ஆள் மாறிவிடும்.

இந்தத் தாளின் விளைவு கொப்பிகளில் தெரிந்தது. பாட முடிவில் எழுதிய ஒரு வரி கிட்டத்தட்ட எல்லாக் கொப்பியிலும் ஒன்றே: மூன்று மதங்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கேட்க நல்ல வசனம். ஆனால் இதை எழுத ஒரு வரிகூட வாசித்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது பத்திக்கு என்ன வைப்பது

குர்ஆனில் கல்லில் பொறித்த பத்து வரி மாதிரி ஒரு பட்டியல் இல்லை. ஆனால் ஒழுக்க விதிகள் தொடர்ச்சியாக வரும் இடங்கள் உண்டு. இரண்டைப் பார்த்தேன்: ஆறாவது அத்தியாயத்தில் 151 முதல் 153 வரை, பதினேழாவது அத்தியாயத்தில் 22 முதல் 39 வரை. முதலாவது சுருக்கமானது. நான் இரண்டாவதை எடுத்தேன், ஏனென்றால் அதில் விதியோடு காரணமும் நிபந்தனையும் சேர்ந்தே வருகின்றன. இறைவனுக்கு இணை வைக்காதே என்று தொடங்கி, பெற்றோரைச் "சீ" என்றுகூடச் சொல்லாதே, உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடு, வீண் செலவும் வேண்டாம் கஞ்சத்தனமும் வேண்டாம், வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதே, உரிமையின்றி எந்த உயிரையும் எடுக்காதே, அநாதையின் சொத்தைத் தொடாதே, அளக்கும்போது நிறைவாக அள, உனக்குத் தெரியாத ஒன்றின் பின்னால் போகாதே, பூமியில் கர்வத்தோடு நடக்காதே என்று போகிறது.

இதை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்ததும் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கொலைத் தடை இருக்கிறது, அதுவும் "உரிமையின்றி" என்ற நிபந்தனையோடு. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. பத்துக் கட்டளைகளில் உள்ள ஓய்வுநாள் இங்கே இல்லை. வெள்ளிக்கிழமை ஓய்வுநாள்தானே என்று ஒருவன் கேட்டான். தொழுகை முடிந்ததும் கலைந்து போய் இறைவனின் அருளைத் தேடுங்கள் என்றுதான் குர்ஆன் சொல்கிறது, கடையை நாள் முழுக்க மூடச் சொல்லவில்லை.

யார் பேசுகிறார்?

நிறம் தீட்டுவதை எடுத்துவிட்டு, களவு பற்றிய மூன்று வாக்கியங்களை எந்த நூல் என்று சொல்லாமல் பலகையில் எழுதினேன்.

களவு செய்யாதிருப்பாயாக.

கொடுக்கப்படாததை எடுப்பதிலிருந்து விலகியிருக்கும் பயிற்சி விதியை ஏற்றுக்கொள்கிறேன்.

அநாதையின் சொத்தை, அவன் பக்குவ வயதை அடையும்வரை, மிகச் சிறந்த முறையில் அன்றி நெருங்காதீர்கள்.

கேட்டது ஒரே கேள்வி: இதில் யார் பேசுகிறார், யாரிடம்? இருபது நிமிடம் இதிலேயே போயிற்று, போனது நல்லதே. முதல் வாக்கியத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, ஒருமையில், கட்டளை போடுகிறார். ஏன் கட்டளை போட அவருக்கு உரிமை? அதற்கு முன்னாலேயே பதில் இருக்கிறது: உன்னை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் நானே. இந்த முன்னுரையைப் பழைய தாள் வெட்டியே விட்டிருந்தது. யூதர்கள் அதையே பத்தில் முதலாவதாக எண்ணுகிறார்கள். அவர்கள் வழக்கில் இவற்றின் பெயர் "பத்து வார்த்தைகள்", கட்டளைகள் என்றில்லை. அப்படிப் பார்த்தால் முன்னுரையை வெட்டியது பத்தில் ஒன்றை வெட்டியது போல.

இரண்டாவது வாக்கியத்தில் "நான்" பேசுகிறேன். யாரும் எனக்குக் கட்டளை போடவில்லை. பாளியில் "அதின்னாதானா வேரமணீ சிக்காபதங் சமாதியாமி". "சிக்காபதம்" என்பது பயிற்சிப் படி. விகாரைக்குப் போகிறவர் துறவியிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்லத் தானும் திருப்பிச் சொல்லி எடுத்துக்கொள்வது அது. மீறினால் மன்னிப்புக் கேட்க ஒரு கடவுள் அங்கே இல்லை. வினையின் பலன் உண்டு, திரும்ப எடுத்துக்கொள்ள வழியும் உண்டு.

"அப்போ இஷ்டம் இருந்தால் செய்யலாம், இல்லாட்டி விடலாம் என்பதா?" என்றாள் ஒருத்தி. இந்தக் கேள்வி எல்லா வருடமும் வரும், வரவேண்டும். நீச்சல் பழகுகிறவர் "மூக்கில் தண்ணீர் போகாமல் மூச்சு விடுவேன்" என்று தீர்மானிப்பதை யோசிக்கச் சொன்னேன். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காகத் தண்ணீர் அவரை விட்டுவிடுமா? அவளுக்கு அது போதுமாயிருந்தது. எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் இதைவிட நல்ல உதாரணம் இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டது: ஏன் அநாதையின் சொத்து மட்டும்? யோசியுங்கள் என்று விட்டுவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது: "அதை எடுத்தால் கேட்க ஆள் இல்லை. எடுக்கப்போகிறவரே அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆள்தான்." சரியாகப் பிடித்தான். களவு பொதுவாகத் தப்பு என்பதோடு நிற்காமல், களவு எங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடக்குமோ அந்த இடத்தில் விதி போய் நிற்கிறது. "மிகச் சிறந்த முறையில் அன்றி" என்ற சொற்கள், காப்பாளர் அந்தச் சொத்தைப் பாதுகாக்கவும் வளர்க்கவும் வழி விடுகின்றன.

இந்த இடத்தில் ஒருவன் "ஆனால் அங்கே கையை வெட்டுவார்களே" என்றான். வரும் என்று தெரியும். நான் செய்தது தண்டனையைத் தண்டனையோடு வைத்ததுதான். குர்ஆனில் அந்தத் தண்டனை ஐந்தாவது அத்தியாயத்தில் தனியாக வருகிறது. மோசேயின் சட்டத்திலும் களவுக்குத் தண்டனை உண்டு: திருடிய மாட்டைக் கொன்றால் அல்லது விற்றால் ஐந்து மாடு, ஆட்டுக்கு நான்கு ஆடு, உயிரோடு கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. பௌத்தத்தில் இல்லறத்தாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. துறவி குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் திருடினால் சங்கத்திலிருந்தே போய்விடுவார், திரும்ப வர முடியாது. ஒரு மதத்தின் அறிவுரையை இன்னொரு மதத்தின் தண்டனையோடு ஒப்பிட்டால் யார் தோற்பார் என்பது முதலிலேயே முடிவாகிவிடும். பலகையில் இரண்டு கோடு போட்டு அறிவுரை ஒரு பக்கம், தண்டனை ஒரு பக்கம் என்று பிரித்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

பர்ஸ்

இரண்டாவது பாடவேளைக்கு ஒரே சம்பவத்தைக் கொடுத்தேன். பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் ஒரு சிறிய பர்ஸ் கிடக்கிறது. உள்ளே இருபது பவுண்டு, ஒரு சலவைக் கடைச் சீட்டு, பெயர் இல்லை. இரண்டு அடி தள்ளித் தரையில் தனியாக ஓர் ஐந்து பவுண்டு நோட்டு. பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று நெறிகளும் என்ன சொல்லும்?

முதல் ஐந்து நிமிடத்திலேயே பிள்ளைகள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். மூன்று பட்டியலிலும் பதில் இல்லை. கீழே கிடந்ததை எடுப்பது களவா? "களவு செய்யாதிருப்பாயாக" என்ற வரியை எத்தனை தடவை வாசித்தாலும் அது சொல்லாது. பட்டியல் ஒரு தலைப்புத்தான். அதற்குக் கீழே அந்தந்தச் சமூகம் எழுதி வைத்தவைதான் நெறி. யூத மரபில் இதற்கே ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் பத்து வார்த்தைகளையும் தினமும் வழிபாட்டில் ஓதினார்களாம். சீனாய் மலையில் கொடுக்கப்பட்டது இவ்வளவுதான் என்று சிலர் வாதாடத் தொடங்கியதால் அதை நிறுத்தினார்கள் என்று யூதர்களின் தல்மூத் நூல் சொல்கிறது. அவர்கள் கணக்கில் மொத்தக் கட்டளைகள் 613. என் பழைய தாள், அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதையே செய்துகொண்டிருந்தது.

அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் பட்டியலுக்கு அடுத்த படியில் உள்ள ஒரு சிறு துண்டைக் கொடுத்தேன்.

முதல் குழுவுக்குப் பைபிளின் உபாகம நூல், 22ஆம் அதிகாரத்தின் தொடக்கம்: சகோதரனின் மாடோ ஆடோ உடையோ வழிதப்பிக் கிடந்தால் காணாதவன் போல ஒதுங்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் தேடி வரும்வரை வைத்திருக்க வேண்டும். அதோடு சுமார் பொது ஆண்டு 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பிலிருந்து இரண்டு வரி: சிதறிக் கிடக்கும் காசு கண்டெடுத்தவருக்கு, பைக்குள் இருக்கும் காசை அறிவிக்க வேண்டும். குழு குதித்தது. "மிஸ், ஐந்து பவுண்டு எனக்கு, பர்ஸ் அவருக்கு!" ஏன் என்று கேட்டேன். பர்ஸைத் தொலைத்தவர் அடையாளம் சொல்ல முடியும்: நிறம், சலவைச் சீட்டு. தனி நோட்டுக்கு என்ன அடையாளம் சொல்வார்? தொலைத்தவர் இனிக் கிடைக்காது என்று கைவிட்டிருப்பார். காரணம் இந்தக் கைவிடுதல்தான். ஆனால் இரண்டும் இரண்டு அடி தூரத்தில் கிடந்தால், நோட்டு பர்ஸிலிருந்தே விழுந்திருக்கலாமே என்று குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. தூரத்தை இரண்டு அடி என்று வைத்தது அதற்காகத்தான்.

இரண்டாவது குழுவுக்கு, எது களவு என்று பௌத்த உரைநூல்கள் சொல்லும் ஐந்து நிபந்தனைகள். பொருள் இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருடும் மனம் இருக்க வேண்டும். முயற்சி இருக்க வேண்டும். பொருள் கைமாற வேண்டும். ஐந்தும் கூடினால்தான் சீலம் முழுமையாக முறியும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு பர்ஸை எடுத்தால் மூன்றாவது இல்லை. "பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மனசு மாறினால்?" என்று ஒருத்தி கேட்டாள். பர்ஸ் அதே பையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாறியது மனம் மட்டும். திருட்டு மனம் அப்போதுதான் பிறக்கிறது. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை மறுபடி நடத்தலாம். தெருவில் வீசப்பட்ட துணியை யாரும் வேண்டாதது என்று எண்ணித் துறவி எடுத்து உடுத்துவது களவாகாது என்பதையும் சொன்னேன். "நம்ம கைவிட்டது மாதிரி" என்று முதல் குழுவிலிருந்து ஒரு குரல். ஒப்பீடு அங்கேதான் நடந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை.

அதே குழு ஒரு குறையும் சொன்னது. "எடுக்காதே என்கிறது. சொந்தக்காரரை எப்படித் தேடுவது என்று ஒன்றும் இல்லையே." நியாயமான குறை. துறவிகளின் விதிகளில் ஒரு பதில் உண்டு: விகாரைக்குள்ளோ தங்கும் இடத்திலோ யாராவது விட்டுப்போன விலையுயர்ந்த பொருளை எடுத்து, சொந்தக்காரர் வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும், மற்ற இடத்தில் கிடந்தால் துறவி தொடக் கூடாது. தெருவில் போகும் இல்லறத்தாருக்கு அவ்வளவு விவரமாகச் சொல்லும் பகுதி எதையும் நான் கொடுக்கவில்லை. சீலம் எடுப்பவரின் மனத்தைப் பார்க்கிறது, இழந்தவரின் வாசலை மற்ற இரண்டும் அதிகமாகப் பார்க்கின்றன என்று குழு எழுதியது. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். பன்னிரண்டு வயதில் இவ்வளவு கூட்டிச் சொன்னால் எனக்குச் சம்மதம்.

மூன்றாவது குழுவுக்குக் கண்டெடுத்த பொருள் பற்றிய நபிமொழி. அரபியில் "லுகதா". ஒருவர் வந்து கேட்கிறார். பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள், ஒரு வருடம் அறிவி, சொந்தக்காரர் வந்தால் கொடு, வராவிட்டால் பயன்படுத்திக்கொள் என்கிறார் நபிகள். வழிதப்பிய ஆடு? அது உனக்கு, அல்லது உன் சகோதரனுக்கு, அல்லது ஓநாய்க்கு. வழிதப்பிய ஒட்டகம்? நபிகளுக்குக் கோபமே வந்துவிடுகிறது. அதோடு உனக்கென்ன வேலை? அதன் தண்ணீரும் கால்களும் அதனிடமே இருக்கின்றன; சொந்தக்காரர் காணும்வரை அது நீர்நிலைக்குப் போகும், மரத்தைத் தின்னும். வகுப்பு சிரித்து முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று. "அப்போ போன் ஒட்டகம், மிஸ். அதுவே மணி அடிச்சு ஓனரைக் கூப்பிடும். பர்ஸ் ஆடு." இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

சட்ட அறிஞர்கள் இன்னும் ஒரு படி போனதையும் சொன்னேன். ஒரு செயலைச் செய்யலாமா கூடாதா என்று இரண்டாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரிப்பது அவர்கள் வழக்கம்: கட்டாயம், விரும்பத்தக்கது, இரண்டுமற்றது, வெறுக்கத்தக்கது, தடை. நம் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் ஃபர்ளு, மக்ரூஹ், ஹராம் என்று சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் இதிலிருந்து வந்தவை. பர்ஸை எடுப்பதே எந்தப் பிரிவு? எடுப்பவரைப் பொறுத்தது. தன் மேல் நம்பிக்கை உள்ளவர் எடுத்துப் பாதுகாப்பது நல்லது. எடுத்தால் தானே வைத்துக்கொள்வோம் என்று தெரிந்தவர் தொடவே கூடாது. ஒரே பர்ஸ், ஒரே தெரு, இரண்டு ஆளுக்கு இரண்டு விதி. "களவு செய்யாதிருப்பாயாக" ஆளுக்கு ஆள் மாறாது என்று ஒரு பிள்ளை இதற்கு எதிராகச் சொன்னாள். அதையும் பலகையில் எழுதினேன்.

எங்கே சறுக்கியது

முதலாவது, கிறிஸ்தவர்கள் காணாமல் போனார்கள். வகுப்பில் பாதிப் பேர் பத்துக் கட்டளைகளைத் தேவாலயத்தில் கேட்டவர்கள். "நாங்கள் மிஷ்னா பார்ப்பதில்லையே" என்றாள் ஒருத்தி. உண்மை. அடுத்த வகுப்பில், புரொட்டஸ்தாந்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைச் சேர்த்தேன். களவு பற்றிய கட்டளைக்கு அவர் தரும் விளக்கம், அயலானின் பணத்தையும் பொருளையும் எடுக்காமல் இருப்பதோடு அவற்றைப் பாதுகாக்கவும் பெருக்கவும் உதவ வேண்டும் என்பது. பர்ஸைக் கண்டும் காணாமல் நடந்துபோகிறவர் அந்த விளக்கத்தின்படி தப்ப முடியாது. இதில் ஒரு சின்னச் சிக்கல்: லூத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் அது ஏழாவது கட்டளை. ஆங்கிலிக்கர் உட்பட மற்றப் பல சபைகளுக்கு எட்டாவது. சிலை பற்றிய தடையைத் தனியாக எண்ணுவதா முதலாவதோடு சேர்ப்பதா என்பதில் பிரிகிறது. சேர்த்தவர்கள் கடைசியில் இச்சையை இரண்டாக்கிப் பத்தை நிரப்புகிறார்கள். ஆகவே வகுப்பில் எண்ணால் பேசுவதையே விட்டுவிட்டேன். தமிழில் இன்னும் வேடிக்கை. கத்தோலிக்கருக்கு அவை கட்டளைகள், பழைய புரொட்டஸ்தாந்து வீடுகளில் கற்பனைகள்.

இரண்டாவது சறுக்கல் என்னுடையது. அந்த முஸ்லிம் பையனைப் பார்த்து, "உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. பதினைந்து வரி வாசித்த நான் ஒரு பிள்ளையை ஒரு மதத்துக்கே பிரதிநிதி ஆக்கினேன். அடுத்த வாரம் அவனாகவே வந்து, "எங்க மாமா சொன்னார், வருடம் முடிந்தால் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது" என்றான். நான் கொடுத்த துண்டில் பயன்படுத்திக்கொள் என்று இருக்கிறதே என்று அவனுக்குக் கவலை. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி மரபில், வசதி உள்ளவர் தர்மம் செய்துவிட வேண்டும் என்பதே வழக்கம். மாமாவும் சரி, துண்டும் சரி. ஒரே நபிமொழியை இரண்டு மரபுகள் எப்படி எடுத்துக்கொண்டன என்பது அடுத்த வருடத்துக்கு நல்ல சேர்க்கை ஆயிற்று. ஆனால் கேட்ட விதம் தப்புத்தான். இப்போது "ஒரு முஸ்லிம் எப்படிப் பதில் சொல்லலாம்?" என்று வகுப்பு முழுவதையும் கேட்கிறேன்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். முதல் வருடத் தாளில் பௌத்தப் பத்திதான் மிகச் சிறியது. மற்ற இரண்டுக்கும் விளக்கத் துண்டு இருந்தது, அதற்கு ஐந்து வரி மட்டும். ஐந்து சீலங்களைச் சிங்களத்தில் குறிக்கும் பன்சில் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது விகாரையில் அல்ல; காவலரணைத் தாண்டிப் போகும் பாதையில், ஒலிபெருக்கியில். காது அதை அப்படியே வைத்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை, "எங்களுடையது மட்டும் இவ்வளவு சின்னதா?" என்று கேட்ட பிறகுதான் தாளைத் திரும்பப் பார்த்தேன். அன்று இரவு தேடியபோது உதவியது மணிமேகலை. அதில் தீவினைகள் பத்து: உடம்பில் மூன்று, சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று. உள்ளத்தில் தோன்றுபவை வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி. வெஃகல் என்பது பிறன் பொருளுக்கு ஆசைப்படுதல். பிறன் பொருளை இச்சியாதே என்பது பௌத்தத்தில் இல்லை என்று முதல் வருடம் பலகையில் எழுதியவள் நான். ஐந்து சீலங்களில் இல்லை. பௌத்தத்தில் இருக்கிறது, அதுவும் தமிழில்.

தெரிந்துகொண்டார்களா என்று பார்த்தது

கடைசிப் பத்து நிமிடத்துக்குப் புதுச் சம்பவம்: நகல் எடுக்கும் இயந்திரத்தில் ஆசிரியர் மறந்துவிட்ட நாளைய பரீட்சைத் தாள். நீ அதை எடுக்கவில்லை, பார்த்தாய், அவ்வளவுதான். இது களவா? மூன்று நெறிகளுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுத வேண்டும்.

திருத்துவதற்கு ஒரே சோதனை. வாக்கியத்தில் உள்ள மதத்தின் பெயரை எடுத்துவிட்டு மற்றொன்றின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் உண்மையாக இருந்தால் மதிப்பெண் இல்லை. "பௌத்தர் ஏமாற்றுவது தப்பு என்பார்" என்பதில் பெயரை மாற்றினால் ஒன்றும் கெடாது, ஆகவே பூச்சியம். "பௌத்தர், பார்த்த கணத்தில் நீ என்ன நினைத்தாய் என்று கேட்பார், பெயர் யாருடையது என்று பார்க்கத் திருப்பினாயா, விடை பார்க்கத் திருப்பினாயா" என்று ஒருத்தி எழுதினாள். இதில் பெயரை மாற்றினால் கொஞ்சம் இடிக்கும். நிய்யத் என்ற எண்ணம் இஸ்லாத்திலும் பெரிய விஷயம் என்பதால் முழுக்க இடிக்காது. அதனால் இரண்டுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் வந்து வாதாடினாள். ஐந்து நிபந்தனைகளில் ஒன்றைக் குறித்துக் காட்டியிருந்தால் முழு மதிப்பெண் என்றேன். "கைமாறவில்லையே, மிஸ். தாள் அங்கேயேதான் இருக்கிறது. ஐந்தாவது இல்லை" என்றாள். மதிப்பெண்ணை மாற்றினேன்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வித்தியாசத்துக்கே மதிப்பெண் என்றால் பிள்ளைகள் வித்தியாசத்தை உண்டாக்கிவிடுவார்கள். "முஸ்லிம்களுக்கு எண்ணம் முக்கியமில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், எனக்கு மதிப்பெண் தரும் என்று நினைத்து. நபிமொழித் தொகுப்புகளில் மிகவும் பேர்போன ஒன்றே, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதுதான். அதனால் இப்போது நான்காவதாக ஒரு வாக்கியமும் கேட்கிறேன்: இரண்டு நெறிகள் ஒரே காரணத்துக்காக ஒரே முடிவுக்கு வரும் ஓர் இடம். முடிவு ஒன்றாக இருந்தால் போதாது, காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். மது இதற்கு நல்ல பயிற்சி. பௌத்தச் சீலமும் குர்ஆனும் மதுவை விலக்குகின்றன, பத்துக் கட்டளைகள் விலக்கவில்லை. யூதர் ஓய்வுநாளை வரவேற்பதே திராட்சை இரசத்தோடு. சீலத்தின் காரணம், மது விழிப்பைக் கெடுக்கும் என்பது. குர்ஆன் ஐந்தாவது அத்தியாயத்தில் சொல்லும் காரணம், அது பகையை மூட்டி இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கும் என்பது. இது ஒரே காரணமா என்று போன வாரம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது, இன்னும் முடியவில்லை.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். முதல் தடவை பாடம் முடிந்ததும் குர்ஆன் வசனம் அச்சிட்ட இரண்டு தாள்கள் குப்பைக் கூடையில் கிடந்தன. ஒரு பிள்ளை எல்லாரும் போனபின் நின்று, அவற்றை எடுத்து, மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தாள்களை எண்ணிக் கொடுத்து, மணி அடிக்கும் முன் எண்ணி வாங்குகிறேன், மூன்று பத்திக்கும் உரிய தாள்களை.